மாமா அனுப்பிய இரண்டு படங்கள்

பினாங்கில் ஆயர் ஈத்தாமில் இருக்கும் மாமா போன மாதம் இரண்டு படங்களை அனுப்பிவிட்டு உடனே போன் பண்ணினார். “பழைய டிவி ஒன்னு விலைக்கு வருதுப்பா. சம்சுங்காம், 50 இன்ச்சாம், 750 ரிங்கிட் கேக்குறாரு. மாடல் என்னான்னு கேட்டா ஸ்டிக்கர் கிழிஞ்சு போச்சுங்கிறாரு. வாங்கலாமா?”

நான் இருப்பது செந்தூலில். நேரில் போய்ப் பார்க்க வழியில்லை. முதல் படம் முன்பக்கம்: கறுப்பு விளிம்பின் கீழ்ப்பகுதியும் நடுவில் சம்சுங் என்ற பெயரும். இரண்டாவதில் பின்பக்கத்தின் வலது பாதி தெரிந்தது. கேபிள் சொருகும் இடம், சுவரில் மாட்டுவதற்கான நான்கு திருகு ஓட்டைகள், வலது ஓரம் மூன்றும் அதில் இருந்தன.

முதலில் சொருகும் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று எச்டிஎம்ஐ, அதில் ஒன்றின் பக்கத்தில் ‘ஆர்க்’ என்று அச்சடித்திருந்தது. இரண்டு யூஎஸ்பி, லேன், ஆப்டிகல், பழைய ஏவி கேபிளுக்கான வண்ண வட்டங்கள். டிவியின் சத்தத்தை எச்டிஎம்ஐ கேபிள் வழியாகவே வெளி ஸ்பீக்கருக்கு அனுப்பும் இந்த ஆர்க் வசதி 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4இலேயே உண்டு. அதன் அடுத்த வடிவமான ஈ-ஆர்க் 2017இல் வந்த 2.1இல்தான் சேர்ந்தது, விலை குறைந்த டிவிகளுக்கு அது வந்து சேர இன்னும் சில வருடங்கள் ஆயின. ஆகவே இது புது டிவி இல்லை. நான் 2018, 2019 என்று கணக்குப் போட்டேன். அதற்கு மேல் சொருகும் இடத்தை வைத்துப் பிடிவாதம் பிடிக்க முடியாது. ஒரே வரிசையில் வரும் 43, 50, 55 இன்ச் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் ஒரே போர்டைத்தான் போடுகிறார்கள். அதிலிருந்து வருடம் ஓரளவு தெரியும், அளவு தெரியாது.

அளவுக்கு அந்தத் திருகு ஓட்டைகள்தான் கைகொடுத்தன. இந்த அளவு டிவிகளில் ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி பெரும்பாலும் 20 சென்டிமீட்டர். படத்திலேயே ஒரு அடிக்கோல் கிடைத்த மாதிரி. எச்டிஎம்ஐ துளையையும் அடிக்கோலாக வைக்கலாம். ஆனால் அதன் அகலம் சுமார் 14 மில்லிமீட்டர்தான். படத்தில் ஒரு புள்ளி பிசகினாலே கணக்கு நாலு சதவீதத்துக்கு மேல் போய்விடும்.

ஓட்டைகளுக்கு நடுவே 310 புள்ளிகள் வந்தன. அவற்றின் நடுக்கோட்டிலிருந்து வலது ஓரம்வரை 750 புள்ளிகள். 310 புள்ளிகள் 20 சென்டிமீட்டர் என்றால் 750 புள்ளிகள் 48.4 சென்டிமீட்டர். ஓட்டைகள் நடுவில்தான் இருக்கும் என்பதால் முழு அகலம் சுமார் 97. விளிம்புக்கு இரு பக்கமும் ஒவ்வொரு சென்டிமீட்டர் கழித்தால் திரை 95. 43 இன்ச் திரையின் அகலம் 95.2 சென்டிமீட்டர், 50 இன்ச் என்றால் 110.7 இருக்க வேண்டும்.

உடனே மாமாவிடம் சொல்லிவிடவில்லை. பின்பக்கத்தின் நடுப்பகுதி புடைத்திருக்கும். கேமராவுக்கு அது கிட்டே இருப்பதால் ஓட்டைகளின் இடைவெளி கொஞ்சம் பெரிதாகவும் டிவி கொஞ்சம் சிறியதாகவும் தெரியும். ஒன்றரை மீட்டர் தள்ளி எடுத்த படத்தில் 5 சென்டிமீட்டர் புடைப்பு ஏற்படுத்துவது மூன்று சதவீதப் பிழை. ஆனால் 50 இன்ச் என்று ஆக வேண்டுமென்றால் 14 சதவீதம் பிசகியிருக்க வேண்டும். ஓரம் சாய்ந்தோ வளைந்தோ தெரியாததால் நேராக நின்று எடுத்த படம் என்பதும் தெரிந்தது.

“மாமா, இது 43 மாதிரித்தான் இருக்கு. அவர்கிட்ட டிவியைப் போட்டு மெனுவைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்க” என்றேன். ஸ்டிக்கர் கிழிந்தாலும் மாடல் எண் டிவிக்குள்ளேயே இருக்கிறது:

```
Settings > Support > About This TV
```

மறுநாள் வந்த படத்தில் இருந்த எண் இது:

```
UA43NU7100KXXM
```

முதலில் வரும் 43தான் இன்ச். `NU` என்பது 2018 வரிசை. 2019க்கு `RU`, 2020க்கு `TU`. கடைசியில் வரும் `KXXM` மலேசியாவுக்கென்று வந்த டிவி என்பதைக் காட்டும். இதையும் பார்க்கத்தான் வேண்டும். இங்கே 2019இல் பழைய அனலாக் ஒளிபரப்பை நிறுத்திவிட்டார்கள். வேறு நாட்டுக்கு வந்த டிவியாக இருந்தால் நம்மூர் டிஜிட்டல் சேனல்களை எடுக்கும் என்று நம்பி வாங்க முடியாது.

விலைக்கு வருவோம். இங்கே கடையில் அதே கம்பெனியின் புது 43 இன்ச், வாரண்டியோடு, 1,299 ரிங்கிட் என்று அந்த வாரம்தான் பார்த்திருந்தேன். இத்தனை வருடம் ஓடிய டிவியில் எப்போது வேண்டுமானாலும் போகக்கூடியது உள்ளே இருந்து திரைக்கு வெளிச்சம் தரும் பேக்லைட். அதை மாற்றும் செலவையும் மனதில் வைத்து 350, மிஞ்சினால் 400 என்று மாமாவிடம் சொன்னேன். முழுத் திரையும் வெள்ளையாக வரும் ஒரு படத்தைப் போட்டு, எங்காவது இருட்டுத் திட்டோ நீல நிறமோ கோடோ தெரிகிறதா என்று பத்து நிமிடம் பார்க்கவும் சொன்னேன்.

மாமா சனிக்கிழமை அளவு நாடாவோடு போனார். திரை 95 சென்டிமீட்டர். இடது கீழ் மூலையில் மட்டும் லேசாக இருட்டாம். அதைக் காட்டிப் பேசி 340க்கு வாங்கி, அத்தையின் சமையலறைக்குப் பக்கத்து அறையில் மாட்டிவிட்டார்.