சட்டைப் பையில் ஒரு மைக்

பெரம்பூரில் வாடகை வீடு. ஹால் சுவரில் வெள்ளைப் போர்டு, அதிலிருந்து எட்டடி தள்ளி லேப்டாப். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் ஜூமில் கணக்கு எடுக்கிறேன். போர்டு பக்கம் திரும்பினால் போதும், "சார், ஃபேன் சத்தம்தான் கேக்குது" என்பார்கள். சென்னை வெயிலில் ஃபேனை நிறுத்தவா முடியும்?

காலர் மைக் வாங்கும் முன், கையில் இருக்கும் ஆண்ட்ராய்டு போனையே மைக்காக்கிப் பார்ப்போம் என்று WO Mic ஆப்பைப் போனிலும், அதற்கான மென்பொருளையும் டிரைவரையும் லேப்டாப்பிலும் போட்டேன். இரண்டும் ஒரே வைஃபையில் இருக்க வேண்டும். போன் காட்டும் ஐபி எண்ணை லேப்டாப்பில் கொடுத்து இணைத்துவிட்டு, ஜூமின் மைக் பட்டியலில் WO Mic-ஐத் தேர்ந்தெடுக்க வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை.

முதல் நாள் குரல் தெளிவாகப் போனது, ஆனால் இடையிடையே வெட்டி வெட்டி, ரோபோ பேசுவது போல. இன்டர்நெட்காரரைத் திட்டிக்கொண்டே வகுப்பை முடித்தேன். அப்புறம்தான் ஒன்று தோன்றியது: ஜூமை மூடிவிட்டு, அதே மைக்கை வைத்து விண்டோஸில் இருக்கும் ரெக்கார்டரில் இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தேன். அதிலும் வெட்டியது. அப்படியானால் குற்றவாளி இன்டர்நெட் இல்லை, வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. போனிலிருந்து ரௌட்டருக்கு ஒரு தடவை, ரௌட்டரிலிருந்து லேப்டாப்புக்கு இன்னொரு தடவை என்று குரல் இரண்டு முறை காற்றில் போகிறது, ஜூம் வீடியோவும் அதே வழியில்தான். போதாக்குறைக்கு எங்கள் அபார்ட்மென்டில் எல்லா வீட்டு ரௌட்டரும் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசையில் முட்டி மோதுகின்றன. லேப்டாப்பை லேன் கேபிளில் ரௌட்டரோடு இணைத்தேன், போனை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். வெட்டு நின்றது.

அடுத்து சரசர சத்தம். போனைச் சட்டைப் பையில் நேராக வைத்திருந்தேன். பேசும் மைக் போனின் அடிப்பக்கம் இருக்கிறது, அது துணிக்குள் புதைந்து உரசிக்கொண்டிருந்தது. தலைகீழாக வைத்து, அடிப்பக்கம் பைக்கு வெளியே எட்டிப் பார்க்கும்படி செய்ததும் சரியானது. நான் பேசாமல் எழுதும்போது மட்டும் ஃபேன் சத்தம் மெல்ல ஏறும். ஜூம் தானாக மைக் அளவைக் கூட்டுவதுதான் காரணம், ஜூம் செட்டிங்ஸில் அதற்கான டிக்கை எடுத்துவிட்டேன்.

எதிரொலிக்குப் பயந்து லேப்டாப் ஸ்பீக்கரையும் குறைத்தே வைக்கிறேன். போன் அழைப்பு வந்தால் மைக்கை அழைப்பு எடுத்துக்கொள்ளும், வகுப்பில் என் குரல் நின்றுவிடும். அதனால் ஃப்ளைட் மோடு போட்டு வைஃபையை மட்டும் ஆன் செய்தேன். மாமியாரின் வாட்ஸ்அப் கால் வைஃபையிலேயே வரும் என்பது, நாற்கரத்தின் நடுவில் நிற்கும்போதுதான் தெரிந்தது.