நஞ்சு போயி லஞ்சு வந்துச்சு: பழமொழில கடைசி வார்த்தையை மட்டும் மாத்துற வேலை

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் லஞ்சு.

இது ஒருவழியா வந்துடுச்சுங்க. ரொம்ப நாளா "அமிர்தமும் பார்சல்"னு ஒண்ணைத்தான் வெச்சுகினு இருந்தேன். அதுக்கும் சிரிப்பாங்க, ஆனா சிரிப்பு அரை செகண்ட் லேட்டா வரும், அது ஏன்னு புரியாம மண்டை காஞ்சுது. இப்ப புரியுது. நஞ்சுக்கும் லஞ்சுக்கும் ஒரே எழுத்துதான் வித்தியாசம், மிஞ்சினால்ல இருக்கிற அந்த ஞ்ச அப்படியே கடைசி வரைக்கும் வந்து உக்காருது. கேக்குறவங்க காது நஞ்சுன்னு ரெடியா இருக்கும்போது கிட்டத்தட்ட அதே சத்தத்துல வேற பொருள் வந்து விழுது. பார்சல்ல அர்த்தம் சரியாத்தான் திரும்புது, ஓசைதான் ஒட்டல.

ரூல் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒரு எழுத்தைக்கூட தொடக்கூடாது. நான் இன்னும் கொஞ்சம் டைட்டா வெச்சிருக்கேன், நடுவுல ஒரு ஒற்று புதுசா முளைச்சாக்கூட அந்த வெர்ஷன் கேன்சல். இது எங்க இடிக்குதுன்னு கீழ வருது.

லஞ்சு முதல்ல போணியானது ராணிப்பேட்டைல, நான் வேலை பாக்குற ஷூ கம்பெனி கேன்டீன்ல. திங்கக்கிழமை, மேல்விஷாரத்துல இருந்து வர்ற கட்டிங் செக்‌ஷன் பாய், ஞாயித்துக்கிழமை கல்யாண வீட்டுல மிஞ்சின சீரக சம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் டப்பால கொண்டாந்திருந்தாரு. மூடியைத் திறக்குறாரு, நான் சொன்னேன். "இன்னா சொன்ன, இன்னொரு தபா சொல்லு"ன்னாரு, சொன்னேன், அடுத்த டேபிளுக்கு அவரே எடுத்துகினு போயி சொல்லிட்டாரு. இன்னொருத்தர் தானா எடுத்துகினு போனா அந்த ஜோக் பாஸ். என்கிட்ட இதை விட்டா வேற பரீட்சை கிடையாது.

இதுல நான் ரொம்ப நேரம் செலவழிச்ச இடம் ஒண்ணு இருக்கு, அதைத்தான் விரிவா சொல்லணும். கடைசி வார்த்தை எவ்ளோ வேடிக்கையா இருக்குன்றது முக்கியமே இல்ல, அது பின்னாடி திரும்பிப் போயி முன்னாடி இருக்கிற ஒரு வார்த்தையோட அர்த்தத்தைப் புரட்டணும். மிஞ்சினால்னா பழமொழில அளவைத் தாண்டினால்னு அர்த்தம், லஞ்சு வந்த உடனே அது மீந்து போனால்னு ஆயிடுது. யானைக்கும் அடி சறுக்கும் எடுத்துக்கோங்க. "யானைக்கும் அடி விழும்"னு மாத்தினா அதுவரைக்கும் காலடியா இருந்த அடி, உதையா மாறிடுது. விழும்ன்றது சாதா வார்த்தை, அதுல சிரிக்க ஒண்ணுமே இல்ல, ஆனா வேலை செய்யுது. இதுக்குப் பக்கத்துல "கழுதைக்குத் தெரியுமா கற்பூர விலை" வெச்சுப் பாருங்க. கேக்க நல்லாத்தான் இருக்கு, பூஜை சாமான் கடைல சொன்னா கடைக்காரர் தலையாட்டுவாரு. ஆனா கழுதையும் மாறல, கற்பூரமும் மாறல, வாசனை இருந்த இடத்துல விலை வந்துச்சு, அவ்ளோதான். என் கணக்குல இது ரெண்டாம் தரம்.

சரி, மாத்துறதுக்கு ஏத்த பழமொழியை எப்படிப் பிடிக்கிறது. ஸ்டாக்குக்கு நான் பாக்குறது ரெண்டு பழைய தொகுப்பு. பெர்சிவல் பாதிரியார் தொகுத்ததோட 1874 பதிப்புல ஆறாயிரத்துக்கு மேல பழமொழி இருக்கு, ஜென்சன்னு ஒரு டேனிஷ் மிஷனரி 1897ல போட்டது தலைப்பு வாரியா பிரிச்சிருக்கும். ரெண்டும் அள்ள அள்ள வரும், ஆனா அதுல முக்கால்வாசியை இன்னைக்கு யாரும் சொல்றதில்ல. மூலமே தெரியாதவங்ககிட்ட மாத்திச் சொன்னா புதுப் பழமொழின்னு நெனச்சு நோட்டுல எழுதிக்குவாங்க. அதனால முதல்ல கடைசி வார்த்தையை விட்டுட்டு சொல்லிப் பாப்பேன், "பழகப் பழகப் பாலும்..."னு நிறுத்திட்டு எதிர்ல இருக்கிறவங்க மூஞ்சியைப் பாக்கணும். எங்க சத்துவாச்சாரி தெருவுல பெரியம்மா வயசுல இருக்கிறவங்க "புளிக்கும்"னு யோசிக்காம முடிப்பாங்க. காலேஜ் பசங்க முழிப்பாங்க. அப்ப அந்தப் பழமொழி பெரியம்மாங்களுக்கு மட்டும்தான் ஓடும்.

அப்புறம் இன்னொரு தொல்லை, எந்தத் தொகுப்பா இருந்தாலும் முதல் எழுத்து இல்லாட்டி தலைப்பு, இந்த ரெண்டுலதான் அடுக்கியிருக்காங்க. நமக்குத் தேவை கடைசி வார்த்தை. நானே ஷீட்ல ஏ காலம்ல டைப் பண்ணி, பி காலம்ல இதைப் போட்டு, பி காலத்தை வெச்சு வரிசைப்படுத்திக்கிட்டேன்:

```
=TRIM(RIGHT(SUBSTITUTE(TRIM(A2)," ",REPT(" ",100)),100))
```

ஒவ்வொரு இடைவெளியையும் நூறு இடைவெளியா நீட்டி, வலது பக்கத்துல இருந்து நூறு எழுத்தை வெட்டி எடுத்து, காலி இடத்தை உதறினா கடைசி வார்த்தை மட்டும் நிக்கும். உள்ள இருக்கிற அந்த முதல் TRIM கண்டிப்பா வேணும், இல்லாட்டி பழமொழி முடிவுல ஒரு ஸ்பேஸ் ஒட்டியிருந்தாக்கூட பி காலம் காலியா வரும். முற்றுப்புள்ளியையும் எடுத்துடுங்க, புள்ளி வெச்ச நஞ்சும் வெக்காத நஞ்சும் வேற வேறயா கணக்காயிடும்.

வரிசைப்படுத்தினதும் ஒரே வார்த்தைல முடியுறதெல்லாம் ஒண்ணா நின்னுச்சு, அப்புறம் கண்ணால பாத்துக் கூட்டம் கூட்டமாப் பிரிச்சேன். பெரிய கூட்டம் பறக்கும், சறுக்கும், புளிக்கும்னு உம்ல முடியுற வினைச்சொல்லுங்க. இன்னொரு கூட்டம் போல, மாதிரி, என்றாளாம். இந்தக் கூட்டத்தை நான் அப்படியே ஒதுக்கிட்டேன், இலவு காத்த கிளி போலன்றதுல போலவை எடுத்துட்டு எதைப் போட்டாலும் அடி விழாது, ஏன்னா கேக்குறவங்க மனசு கிளியிலயே முடிச்சுடுது. நஞ்சு, வாசனை மாதிரி பெயர்ச்சொல்லுல முடியுறது கம்மி, ஆனா தங்கம்.

வினைல முடியுற கூட்டத்தை விட்டுடலாம்னு அவசரப்படாதீங்க. நம்ம வாக்கியம் வினையே இல்லாமயும் நிக்கும், அதனால புளிக்கும் இருந்த இடத்துல பெயர்ச்சொல்லையும் உக்கார வெக்கலாம். கடைசிக்கு முந்தின வார்த்தையைப் பாத்தா போதும். பாலும், அமிர்தமும்னு எழுவாயா நின்னா எதுவும் ஏறும். பழகப் பழகப் பாலும்ல முதல்ல "கிடைக்கும்" போட்டேன், சப்புனு இருந்துச்சு. அப்புறம் "கடன்", பழகுறதுன்னா பால்காரர் கூட பழக்கம் ஆகுறதுன்னு புரண்டுச்சு, சரி, பாதி கிணறு தாண்டியாச்சு. அப்புறம் "தண்ணி". பழக்கம் ஆக ஆக பால்ல தண்ணி சேருதுன்னு தெருவுல எல்லாரும் சிரிச்சாங்க, பால்காரர் மட்டும் சிரிக்கல. கடைசியாத்தான் "பாக்கி" வந்துச்சு.

பழகப் பழகப் பாலும் பாக்கி.

ப, ப, ப, ப, மோனை கடைசி வரைக்கும் நிக்குது, மூலத்துலயும் புளிக்கும்ல ப வரிசைதான். இப்ப பால்காரர் மாசக் கடைசில கேனைக் கீழ வெச்சுட்டு இதைச் சொல்லித்தான் காசு கேக்குறாரு. கேலி யார் மேல விழுதுன்றதை அந்தக் கடைசி வார்த்தைதான் முடிவு பண்ணுது, தண்ணின்னா அவரு மேல, பாக்கின்னா நம்ம மேல. யார்கிட்ட சொல்லப் போறோம்னு பாத்துத்தான் எதைச் சொல்றதுன்னு எடுக்கணும்.

கடைசிக்கு முந்தின வார்த்தை ஐ வேற்றுமைல நின்னா பூட்டு விழுந்துடும்னு எனக்கு ஒரு எண்ணம். ஆழம் தெரியாமல் காலை விடாதே, இதுல காலைன்னு வந்துட்டா அப்புறம் வைக்காதே, நீட்டாதேன்னு வினைதான் வரும், ஜோக் வராதுன்னு கேன்டீன்ல புலம்பிகினு இருந்தேன். பாய்தான் சோத்தைப் பெசஞ்சுகினே "காலை குளியல்னு போடேன்பா"ன்னாரு. அடேயப்பா! காலு பொழுதா மாறிடுச்சு. ஆனா எழுதும்போது காலைக் குளியல்னு க் வரும், மூலத்துல அந்த க் இல்ல, நம்ம ரூல் இடிக்குது. க, ச, த, ப இல்லாத எழுத்துல தொடங்குற வார்த்தையா தேடி "நீச்சல்" போட்டேன். ஆழம் தெரியாமல் காலை நீச்சல். இப்ப எழுத்துலயும் சரி, வாய்லயும் சரி, முன்னாடி எதுவும் அசையல. ஐ வேற்றுமைல நிக்கிற வார்த்தை தனியாவே வேற ஒரு பெயரா இருந்தா பூட்டு தானா திறக்குது, இந்த மாதிரி இன்னும் எதாவது இருக்கான்னு ஷீட்டைத் திரும்பத் தோண்டணும்.

சொல்ற விதத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லிடறேன். முன்பாதியைப் பேச்சுத்தமிழா மாத்தாதீங்க. "மிஞ்சினா அமிர்தம் கூட"ன்னு இழுத்தா லஞ்சுல ஜர்க்கே இருக்காது. மிஞ்சினால், அமிர்தமும்னு வாத்தியார் மாதிரி நிமிந்து சொல்லிட்டு, அதே வேகத்துல, நிறுத்தாம லஞ்சுன்னு போயிடணும். கடைசி வார்த்தைக்கு முன்னாடி ஒரு கேப் விட்டீங்கன்னா ஜோக் வருதுன்னு அவங்க உஷாராயிடுவாங்க.

இன்னும் உடையாததுல என்னை ரொம்ப வாட்டுறது ஆத்துல போட்டாலும் அளந்து போடு. பாலாத்தங்கரை ஆளு நான், மணல் அள்ளுறதை நெனச்சு "அளந்து எடு", "அளந்து அள்ளு"ன்னு எத்தனையோ போட்டுப் பாத்துட்டேன். முன்னாடி போட்டாலும்னு வந்துட்டதால காது இன்னொரு போடுவைக் கேக்குது, எடுன்னா வாக்கியமே நொண்டுது. ஒரே வேர் ரெண்டு தபா வர்ற பழமொழி எல்லாத்துலயும் இதே கதைதான்.

அதுவே வேர் இல்லாம வார்த்தை மட்டும் ரெண்டு தபா வந்தா நேர் எதிரா நடக்குது, அதுதான் விசித்திரம். கூழுக்கும் ஆசை மீசைக்கும் ஆசைன்றதை "கூழுக்கும் ஆசை மீசைக்கும் டை"ன்னு முடிச்சா ஆசை, மீசை, டைன்னு மூணும் ஐல வந்து நிக்குது, ஒத்தை எழுத்துல கதை முடிஞ்சுது. இதை இன்னும் வெளில விடல. ஆடி மாசம் எங்க தெரு அம்மன் கோயில்ல கூழ் ஊத்துவாங்க, வரிசைல முன்னாடி நிக்கிற பெரியவங்க பாதிப் பேரு மீசை கருகருன்னு இருக்கும். அங்க யாரு முதல்ல திரும்பிப் பாக்குறாங்கன்னு பாத்துட்டு வந்து எழுதறேன், அதுக்குள்ள யாருக்காவது அளந்துக்கு அப்புறம் போட ஒரு வார்த்தை தோணுச்சுன்னா சொல்லுங்க.