புள்ளி மட்டும் எரிந்த போர்டு

காங்கேயத்தில் ஒரு மரச்செக்குக் கடைக்கு நான் செய்துகொடுத்த முதல் எல்இடி எழுத்துப் போர்டை இரண்டாம் நாளே கழற்ற நேர்ந்தது. அதற்குமுன் பதினைந்து வருடம் தூரிகை பிடித்தவன் நான். சுவரில் எப்படி எழுதுவேனோ அப்படியே அக்ரிலிக்கில் வெட்டினால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

பத்தடிப் பலகை. ‘மரச்செக்கு எண்ணெய்’ முழுவதும் ஒரே வரியில் வர வேண்டும் என்பது கடைக்காரரின் ஆசை. அதற்காக எழுத்தின் கோட்டை ஓர் அங்குல அகலத்துக்குக் குறுக்கினேன். பக்கச் சுவருக்கு அலுமினியப் பட்டை, ஆழம் இரண்டு அங்குலம், முகத்துக்குப் பால்வெள்ளை அக்ரிலிக். உள்ளே மாட்யூல்களை, அதாவது ஒயரில் வரிசையாகக் கோத்து வரும் சின்ன எல்இடி விளக்குகளை, அவற்றின் ஒயர் நீளும் தூரத்துக்கே, ஐந்து அங்குலத்துக்கு ஒன்றாக ஒட்டினேன். பகலில் அழகாகத்தான் இருந்தது.

இரவு ஏழரைக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். “ஏனுங்க தம்பி, எழுத்தைக் காணோம், புள்ளிதான் தெரிகிறதுங்க.” போய்ச் சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தேன். கோடு நெடுகப் பாசிமணி கோத்ததுபோல் ஒவ்வொரு மாட்யூலும் தனியாக எரிந்தது. ‘ண்’ணின் மேற்புள்ளியோ விளக்குப்போல் கண்ணைக் குத்தியது. எல்லாவற்றையும்விட மோசம், ‘எண்ணெய்’ இருந்த இடத்தில் ‘என்னெய்’ இருந்தது. ணகரத்தின் சுழிகளுக்கு நடுவில் நான் விட்டிருந்த 18 மில்லிமீட்டர் இடைவெளியை இரு பக்க ஒளியும் சேர்ந்து மூடிவிட்டது. இருட்டில் ஒளிரும் கோடு உள்ளதைவிடத் தடித்தே கண்ணுக்குத் தெரியும். பெயின்டில் இந்தத் தொல்லை கிடையாது.

கழற்றிவந்து பட்டறையில் தரையில் வைத்து எரியவிட்டேன். கைபேசிக் கேமராவில் வெளிச்சத்தை நன்றாகக் குறைத்துப் பார்த்தால், எங்கே திட்டு, எங்கே மங்கல் என்பது கண்ணைவிடத் தெளிவாகத் தெரிகிறது. இதை மாட்டுவதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்.

பாசிமணிக்குக் காரணம் ஆழம். மாட்யூலிலிருந்து விரியும் ஒளி முகத்தைத் தொடுவதற்குள் பக்கத்து மாட்யூலின் ஒளியோடு கலந்துவிட வேண்டும். ஆழம் எவ்வளவோ அந்த அளவுக்குள் இடைவெளி இருந்தால் கலக்கும். இரண்டங்குல ஆழத்தில் ஐந்தங்குல இடைவெளி எப்படிக் கலக்கும்? ஆழத்தை மூன்று அங்குலமாக்கி, ஒயரை மடித்து, இடைவெளியையும் மூன்று அங்குலமாக்கினேன். ஆழத்தை இன்னும் கூட்டினால் இன்னும் நல்லது என்று எண்ணிவிடக் கூடாது. குறுகிய கோட்டில் ஒளி சுவரில் மோதி மோதியே செத்துப்போகும். மூன்று அங்குலத்துக்கே உட்புறம் முழுக்க வெள்ளை அடித்தேன்.

கோட்டின் அகலத்தில்தான் மண்டை காய்ந்தது. சுழி திறந்திருக்கக் கோடு மெலிய வேண்டும். மாட்யூலே 15 மில்லிமீட்டர் அகலம் என்பதால், இரு பக்கமும் இடம் விட்டால் முன்பு வைத்த 25-க்குக் கீழே போக முடியாது. எழுத்தைப் பெரிதாக்குவதைத் தவிர வழியில்லை. ‘மரச்செக்கு’ என்பதை மேலே சிறிதாக, ஒளியில்லாமல் பெயின்டில் எழுதிவிட்டு, ‘எண்ணெய்’ மட்டும் பதினெட்டு அங்குல உயரத்தில் எரியட்டும் என்றேன். கடைக்காரர் அரை மனதோடு சம்மதித்தார். கோடு 36 மில்லிமீட்டர், சுழி இடைவெளி 40. இடைவெளி கோட்டைவிடக் குறையக் கூடாது என்பதே இன்றுவரை என் கணக்கு.

புள்ளிக்குத் தனிக் கணக்குப் போட வேண்டியிருந்தது. பழைய புள்ளி 30 மில்லிமீட்டர் வட்டம். அதன் பரப்பு ஏறக்குறைய 700 சதுர மில்லிமீட்டர். கோட்டிலோ ஒரு மாட்யூல் 25-க்கு 125 என்று மூவாயிரத்துக்கு மேல் பரப்பை நிரப்பிக்கொண்டிருந்தது. அதே மாட்யூல் நாலில் ஒரு பங்கு இடத்தில் எரிந்தால் கண்ணைக் குத்தாமல் என்ன செய்யும்? புதிய கோட்டில் ஒரு மாட்யூலுக்கு 36-க்கு 75, அதாவது 2,700. புள்ளியை 58 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டினால் ஏறத்தாழ அதே பரப்பு வந்துவிடுகிறது. தூரிகைக்காரன் கண்ணுக்கு அது கொஞ்சம் பருத்த புள்ளிதான். இரவில் சரியாக அமைந்தது.

மாட்டியபின் கடைசி ‘ய்’ மட்டும் சற்று மங்கல். ஒரே சங்கிலியில் எல்லாவற்றையும் கோத்த தப்பு. பவர் சப்ளையிலிருந்து அதற்குத் தனி ஒயர் இழுத்ததும் சரியாகிவிட்டது. எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துவிட்டு, கரூர்ப் பக்கம் நூறு அடி நடந்தும் பார்த்தேன். மூன்று சுழியும் திறந்தே இருந்தன. முதல் எழுத்துகளின் செலவு என் தலையில்தான் விழுந்தது.

அந்தப் போர்டைப் பார்த்துவிட்டு ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். எட்டு அங்குலத்தில் ‘ஸ்ரீ’ ஒளிர வேண்டுமாம். தாளில் வரைந்து இடைவெளியை அளந்தேன். எட்டு மில்லிமீட்டர்கூட மிஞ்சவில்லை. “இதற்குப் பெயின்டே போதுமுங்க, மேலே ஒரு விளக்குப் போட்டுக்கொள்ளுங்கள்” என்று சொல்லி அனுப்பிவைத்தேன்.