அப்பாவின் கடைசி ரிட்டர்ன்: ரீஃபண்ட் வரும்வரை கணக்கை மூடாதீர்கள்

இறந்தவருக்கு வருமான வரி ரிட்டர்ன் போடுவது கஷ்டமான வேலை இல்லை. வேலைகளை எந்த வரிசையில் செய்கிறோம் என்பதில்தான் சிக்கல் வரும். பெரும்பாலான வீடுகளில் முதலில் வங்கிக் கணக்குகளை மூடிவிட்டு, பிறகு வாரிசாகப் பதிவு செய்து, கடைசியில் ரிட்டர்ன் போடுகிறார்கள். ரீஃபண்ட் வரும்போது அதை வாங்க இறந்தவர் பெயரில் கணக்கே இருப்பதில்லை. எங்கள் அப்பா பெங்களூருவில் 2024 நவம்பர் 18-ல் காலமானார். அரசு ஓய்வூதியமும் ஒரு டெபாசிட்டும்தான் அவருடைய வருமானம். அந்த ஒரு ரிட்டர்னை வைத்தே சொல்கிறேன்.

முதல் வேலை, யார் வாரிசாகப் பதிவு செய்வது என்று முடிவு செய்வது. பிள்ளைகள்தான் கணினியில் உட்காரப்போகிறார்கள் என்றாலும், அம்மா இருந்தால் அம்மா பெயரில் பதிவு செய்வதே நல்லது. கூட்டுக் கணக்கு, நாமினி, குடும்ப ஓய்வூதியம் எல்லாமே அவர் பெயரில் இருப்பதால் காகிதங்கள் ஒன்றோடொன்று பொருந்தும். அம்மாவின் பான், ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். ஓடிபி வரும் எண் அவர் கையில் இருக்க வேண்டும்.

வருமான வரித் துறையின் இணையதளத்தில் அம்மாவின் லாகினில் நுழைந்து Authorised Partners என்பதன் கீழ் Register as Representative Assessee என்பதைத் திறந்து புதிய கோரிக்கை போட வேண்டும். வகையில் Deceased (Legal Heir) என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அப்பாவின் பான் நகல், இறப்புச் சான்றிதழ், வாரிசு என்பதற்கான ஆதாரம் ஆகிய மூன்றும் கட்டாயம். ஆதாரம் என்றதும் எல்லோரும் தாசில்தார் அலுவலகத்துக்குத்தான் ஓடுகிறார்கள். அந்தச் சான்றிதழ் மட்டும்தான் செல்லும் என்றில்லை. அரசு தந்த குடும்ப ஓய்வூதியச் சான்று, பதிவு செய்த உயில், இறந்த அன்று கணக்கில் நாமினி அல்லது கூட்டுக் கணக்குதாரர் யார் என்று வங்கி முத்திரையும் கையெழுத்தும் வைத்துத் தரும் கடிதம், இவற்றில் ஏதாவது ஒன்று போதும். அப்பா அரசு ஓய்வூதியர் என்றால், அம்மாவின் குடும்ப ஓய்வூதியச் சான்றே சுலபமான வழி.

பெங்களூருவில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளும் இடம் மொழி. கர்நாடக அரசின் நாடகச்சேரி அலுவலகத்தில் வாங்கும் வம்சவிருட்சம் என்ற குடும்ப மரச் சான்றோ குடும்ப உறுப்பினர் சான்றிதழோ கன்னடத்தில் இருக்கும். ஊரில் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் என்றால் தமிழில். பிராந்திய மொழியில் இருக்கும் ஆவணத்தை ஆங்கிலத்திலோ இந்தியிலோ மொழிபெயர்த்து, நோட்டரி கையெழுத்தோடு மூலத்தையும் சேர்த்து ஒரே பிடிஎஃப்-ஆக ஏற்ற வேண்டும். இதைச் செய்யாமல் அனுப்பினால் கோரிக்கை நிராகரிக்கப்படலாம். இன்னொன்று, இறப்புச் சான்றிதழில் இருக்கும் பெயரும் பானில் இருக்கும் பெயரும் ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல் ஓரிடத்தில் முன்னால் இருக்கும், இன்னோரிடத்தில் அப்பா பெயராக விரிந்திருக்கும். சான்றிதழ் வாங்கும்போதே பானில் உள்ளபடி எழுதச் சொல்லிவிட்டால் பின்னால் அலைச்சல் மிச்சம்.

கோரிக்கை ஏற்கப்பட்டதும் அம்மாவின் லாகினிலிருந்தே அப்பாவின் ப்ரொஃபைலுக்கு மாற முடியும். அங்கே போனவுடன் இரண்டு காரியம் செய்யுங்கள். மின்னஞ்சலையும் கைபேசி எண்ணையும் உங்களுடையதாக மாற்றுங்கள். பிறகு My Bank Account பக்கத்தில் அப்பா முன்பே சரிபார்த்து வைத்த கணக்கு இன்னும் Validated என்று இருக்கிறதா, ரீஃபண்டுக்கு அதுதான் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சரிபார்ப்பு பானையும் கணக்கில் உள்ள பெயரையும் ஒப்பிட்டுத்தான் நடக்கிறது. கூட்டுக் கணக்கிலிருந்து அப்பா பெயரை நீக்கிவிட்டால் ஒப்பிட எதுவும் இருக்காது.

இனி கணக்கு. இறந்த நாள் வரைக்குமான வருமானம் மட்டுமே அப்பாவுடையது. அடுத்த நாளிலிருந்து வருவது வாரிசுகளுடையது. ஆனால் வருமானத்தையும் பிடித்த வரியையும் காட்டும் படிவம் 26AS-ம் AIS-ம் அப்படிப் பிரித்துக் காட்டாது. பான் யாருடையதோ அவர் பெயரில் முழு ஆண்டுக்கும் காட்டும். பிரிக்க வேண்டியது நாம்தான்.

மாத ஓய்வூதியம் 68,000 ரூபாய். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஏழு மாதத்துக்கு 4,76,000. நவம்பரில் 18 நாளுக்கு 40,800. இந்த 18 நாள் தொகை வாழ்நாள் நிலுவையாகப் பிறகு அம்மாவின் கையில் வந்தது. ஆனாலும் அது அப்பாவின் வருமானம்தான். படிவம் 16-ல் இல்லை என்று விட்டுவிடக் கூடாது. மொத்தம் 5,16,800. புதிய வரி முறையில் நிலையான கழிவு 75,000 போக 4,41,800.

டெபாசிட் 30 லட்சம், வட்டி 7 சதவீதம், ஆண்டுக்கு 2,10,000. ஏப்ரல் 1 முதல் நவம்பர் 18 வரை 232 நாள். 2,10,000-ஐ 365-ஆல் வகுத்து 232-ஆல் பெருக்கினால் 1,33,479. இது அப்பாவின் பங்கு. மீதி 76,521 அம்மாவின் வருமானம். ஆக அப்பாவின் மொத்த வருமானம், பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால், 5,75,280.

பாதி ஆண்டில் இறந்தார் என்பதற்காக வரிவிலக்கு வரம்பையோ 75,000 கழிவையோ மாதக் கணக்கில் குறைக்க வேண்டியதில்லை. ஆண்டு முழுவதும் இருந்தவருக்குக் கிடைப்பது அப்படியே கிடைக்கும். ரீஃபண்ட் வருவதற்குக் காரணமே இதுதான். பென்ஷன் வங்கி பன்னிரண்டு மாத வருமானம் என்று எண்ணி மாதம் 2,089 வீதம் பிடித்திருந்தது. ஏழு மாதத்துக்கு 14,623. உண்மையான வருமானமோ 7 லட்சத்துக்குள் வந்ததால், 2024-25-க்கான 87A தள்ளுபடியில் வரி பூஜ்யமாகிவிட்டது. இந்த வரம்புகள் அந்த ஆண்டுக்கு மட்டுமே. உங்கள் ஆண்டுக்குரியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டெபாசிட் வட்டியில் வங்கி முன்கூட்டியே பிடித்த வரி, அதாவது டிடிஎஸ், 21,000. இதையும் வட்டியைப் பிரித்த விகிதத்திலேயே பிரிக்க வேண்டும். அப்பாவுக்கு 13,348, அம்மாவுக்கு 7,652. அப்பாவின் ரீஃபண்ட் 14,623-ம் 13,348-ம் சேர்த்து, பத்து ரூபாய்க்கு முழுமையாக்கினால் 27,970.

"முழு வட்டியையும் அப்பா கணக்கிலேயே காட்டினா என்ன, அப்பவும் வரி வராதே" என்று தம்பி கேட்டான். இந்தக் கணக்கில் வராது என்பது உண்மைதான், ரீஃபண்டும் கூடுதலாக வரும். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் இறந்த பிறகு வந்த வட்டி அப்பாவின் வருமானமே இல்லை. அதை அம்மாவின் ரிட்டர்னில் காட்டாமல் விட்டால் அங்கே வருமானம் குறைவாகக் காட்டியதாகிவிடும். பிரித்துக் காட்டுவதுதான் சரி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பிரிப்பதற்குப் படிவம் முக்கியம். ஓய்வூதியமும் வட்டியும்தானே என்று ITR-1 எடுத்தால் அம்மாவின் டிடிஎஸ் பங்கைக் காட்ட இடம் இருக்காது. இருவருக்கும் ITR-2 எடுங்கள். அதன் டிடிஎஸ் அட்டவணையில், விதி 37BA(2)-ன்படி வேறொருவருக்குப் போகும் தொகை என்ற பத்தி இருக்கிறது. அப்பாவின் ரிட்டர்னில் அங்கே அம்மாவின் பானும் 76,521 வருமானமும் 7,652 டிடிஎஸ்ஸும் எழுத வேண்டும். அம்மாவின் ரிட்டர்னில் அதே தொகையை அப்பாவின் பானைக் குறிப்பிட்டுக் கோர வேண்டும். இரண்டிலும் ஒரு ரூபாய் வித்தியாசம்கூட இருக்கக் கூடாது. இதே விதியின் கீழ் வங்கிக்கும் ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுங்கள். யாருடைய வருமானம், அவருடைய முகவரி, பான், எந்தத் தொகை, ஏன் மாறுகிறது என்று எழுத வேண்டும். வங்கி அந்த டிடிஎஸ்ஸை அம்மா பானிலேயே காட்டிவிட்டால் பிரிக்கும் வேலையே இருக்காது. AIS-ல் அந்த வட்டிக்கு எதிரே Information is not fully correct என்று கருத்துப் பதிந்து, சரியான தொகையைப் போட்டு வையுங்கள்.

ரிட்டர்னில் representative assessee போடுகிறாரா என்ற கேள்விக்கு Yes என்று சொல்லி அம்மாவின் விவரம் தர வேண்டும். அனுப்பிய 30 நாளுக்குள் சரிபார்ப்பையும் முடிக்க வேண்டும். ஜூன் மாதம் போல, முந்தைய ஆண்டு ரிட்டர்ன் போடும் முன்பே இறந்தவர் என்றால், அந்த ஆண்டுக்கும் சேர்த்து இரண்டு ரிட்டர்ன் ஆகும்.

வங்கிப் பக்கம் வருவோம். இறப்பை உடனே எழுத்தில் தெரிவிப்பது கட்டாயம். தெரிவிக்காவிட்டால் ஓய்வூதியம் தொடர்ந்து வரவாகி, பிறகு திருப்பிக் கட்ட வேண்டிவரும். அப்பாவின் ஏடிஎம் கார்டையோ நெட்பேங்கிங்கையோ தொடவே கூடாது. ஆனால் தெரிவிப்பது வேறு, மூடுவது வேறு. கவுன்டரில் இருப்பவர், "அம்மா, எல்லாத்தையும் இன்னைக்கே க்ளோஸ் பண்ணிடலாம்" என்று உதவியாகத்தான் சொல்வார். டெபாசிட்டை மட்டும் முதலில் நாமினிக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள். இறப்பினால் முன்கூட்டியே முடிக்கும் டெபாசிட்டுக்கு அபராதம் பிடிக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. ஒப்பந்த வட்டி இல்லாமல், ஓடிய காலத்துக்கான வட்டி கிடைக்கும். இது தாமதமாகும் ஒவ்வொரு மாதமும் அப்பாவின் பானிலேயே வட்டியும் டிடிஎஸ்ஸும் ஏறிக்கொண்டிருக்கும்.

ரீஃபண்டுக்கான சேமிப்புக் கணக்கைக் கடைசிக்கு விடுங்கள். வரி ரீஃபண்ட் வர வேண்டியிருக்கிறது என்று எழுதிக் கொடுத்து, வரவை மட்டும் ஏற்கச் சொல்லுங்கள். அது முடியாது என்றால், இறந்தவரின் எஸ்டேட் என்ற பெயரில், எடுக்க முடியாத, வரவு மட்டும் வைக்கக்கூடிய கணக்கு திறக்க ரிசர்வ் வங்கியின் நெறிமுறையில் இடம் இருக்கிறது. கிளையில் பலருக்குத் தெரியாது, கேட்டுப் பெற வேண்டும்.

கணக்கை ஏற்கெனவே மூடிவிட்டீர்கள் என்றால் பணம் போய்விடாது. போர்ட்டலில் ரீஃபண்ட் தோல்வி என்று காட்டும். அப்பாவின் ப்ரொஃபைலில் வேறு கணக்கைச் சேர்த்து, சரிபார்ப்பு ஆனதும் Refund Reissue கோரிக்கை போட வேண்டும். சரிபார்ப்பே நடக்கவில்லை என்றால், இறப்புச் சான்றிதழும் வாரிசுப் பதிவு ஒப்புதலும் இணைத்து Grievance பகுதியில் புகார் பதிந்து, அப்பாவின் பானுக்குரிய வருமான வரி அதிகாரிக்கும் எழுத வேண்டும்.

ரிட்டர்னைப் பரிசீலித்து வரித் துறை அனுப்பும் 143(1) அறிவிப்பு வந்து, ரீஃபண்ட் வரவாகி, மற்றக் கணக்குகளும் முடிந்த பிறகுதான் பானை ஒப்படைக்க வேண்டும். அதற்கு அதே வரி அதிகாரிக்கு, அப்பாவின் பெயர், பான், பிறந்த தேதி, இறந்த தேதி எழுதிய கடிதத்தோடு இறப்புச் சான்றிதழ் நகலை இணைத்துக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள். இதை அவசரப்பட்டுச் செய்தால், விட்டுப்போன ஒரு பங்கோ மியூச்சுவல் ஃபண்டோ பிறகு தெரியவரும்போது அந்த பான் தேவைப்படும். பிறகு எப்போதாவது அப்பா பெயரில் வரி பாக்கி என்று நோட்டீஸ் வந்தாலும், 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 159-ன்படி வாரிசின் பொறுப்பு அப்பாவிடமிருந்து வந்த சொத்தின் மதிப்புக்கு மேல் போகாது. எது எவ்வளவு வந்தது என்று காட்டும் வங்கிக் கடிதங்களை அதற்காகவே ஒரே ஃபைலில் வைத்திருங்கள்.