மாமாவின் நாக்கு நீலமான கதை

சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து, போன மாதம் பாதிக்கு மேல் நாக்கை நீட்டியபடியே கழித்தேன். பக்கத்து லயத்துப் பிள்ளைகள் என்னை வேடிக்கை பார்த்ததில் தப்பே இல்லை.

ஆரம்பம் மாமாதான். 8 வருடத்துக்கு முன்பு இடது காதில் சீழ் வந்து அறுவை செய்துகொண்டவர். அப்போதிலிருந்து கோப்பி ஓ குடித்தால் ஒரு பக்கம் இரும்பு வாடை அடிக்கிறது என்பார். "காது ஆப்பரேஷனுக்கும் நாக்குக்கும் என்ன மாமா சம்பந்தம்" என்று நானும் சிரித்திருக்கிறேன். பிறகு உடற்கூற்றுப் புத்தகத்தில் கோர்டா டிம்பனி என்ற நரம்பின் பாதையைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்குக்குச் சுவையைத் தாங்கிச் செல்வது இந்த மெல்லிய நரம்பு. நாக்கிலிருந்து மூளைக்குப் போகும் வழியில் அது நடுக்காதுக்குள் நுழைந்து, செவிப்பறைக்குப் பின்னால், சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் நடுவே போகிறது. நடுக்காதில் கைவைக்கும்போது அது இழுபடலாம், சில நேரம் வெட்டவே வேண்டியும் வரலாம்.

சரி, மாமாவுக்கு நடந்தது இதுதானா? வீட்டிலேயே பார்க்க முடியுமா என்று இறங்கினேன்.

முதலில் என் நாக்கு. முற்றத்தில் பூத்த சங்குப்பூவைக் கொதிக்கவைத்துப் பூசினேன். ஒட்டவே இல்லை, எச்சில் அடித்துக்கொண்டு போய்விட்டது. அப்புறம் கேக்குக்குப் போடும் நீலச் சாயம் இரண்டு சொட்டு வாங்கிப் பஞ்சுக் குச்சியால் தடவினேன். தடவும் முன்பு நாக்கைத் துணியால் ஒற்றி உலர்த்த வேண்டும். இதை விட்டதால்தான் முதல் மூன்று படமும் வெறும் நீலக் குழம்பு.

உலர்த்திய பிறகு தெரிந்தது அழகு. நாக்கு முழுக்க நீலப் புல்தரை, அதில் ஆங்காங்கே வெளிறிய இளஞ்சிவப்புப் புள்ளிகள். புல்தரை என்பது ஃபிலிஃபார்ம் பாப்பிலாக்கள், நாக்கின் மேல் நூல் போல நிற்கும் சின்ன மேடுகள். நாக்கின் சொரசொரப்பு இவற்றால்தான், ஆனால் சுவை மொட்டு ஒன்றுகூட இவற்றில் கிடையாது. சாயம் அதிகம் பிடிக்காத அந்தப் புள்ளிகள்தான் ஃபங்கிஃபார்ம், காளான் வடிவப் பாப்பிலாக்கள். அவற்றின் மேல்முகத்தில்தான் சுவை மொட்டுகள். எல்லாப் புள்ளியிலும் இருக்காது, சிலவற்றில் ஒன்றுமே இல்லாமலும் போகும்.

கோப்புத் தாளின் ஓட்டையைச் சுற்றி ஒட்டும் வளையத்தை, 6 மில்லிமீட்டர் துளையுள்ளதை, நாக்கு நுனிக்குச் சற்றுப் பின்னால், நடுக்கோட்டுக்கு ஓரமாக ஒட்டிக் கைப்பேசியில் படம் எடுத்து எண்ணினேன். வலது 22, இடது 21.

மாமாவுக்கு வலது 17. இடது 6. வளையம் நழுவிவிட்டதோ என்று மறுநாளும் எடுத்தேன், இடது 7. சுவை மொட்டு நரம்பை நம்பி வாழ்வது. அதன் செல்கள் ஏறக்குறைய 10 நாளில் தேய்ந்து புதிதாகின்றன, நரம்பு போய்விட்டால் புதுப்பிப்பு நின்று மொட்டு மறையும், பாப்பிலாவும் தட்டையாகிவிடும்.

மொட்டு எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில், முயல் நாக்கின் தயாரித்த ஸ்லைடு ஒன்று வாங்கினேன். முயல் நாக்கின் பின்பக்க ஓரத்தில் இலைபோல் மடிந்த பாப்பிலாக்கள் உண்டு, அங்கே மொட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். முதல் நாள் மாலை முழுக்க, தோலுக்குக் கீழே கொத்துக் கொத்தாக அடர்நிறத்தில் கிடந்ததை மொட்டு என்று நினைத்துப் படம் பிடித்தேன். அது எச்சில் சுரப்பி. பாப்பிலாக்களின் இடுக்கைக் கழுவிவிடும் சுரப்பி அது. மொட்டு தோலுக்குள்ளேயே இருக்கும், அடியிலிருந்து மேல்பரப்பு வரை முழு உயரத்துக்கு நிற்கும், சுற்றியுள்ள செல்களைவிட வெளிறியிருக்கும். சின்ன வெங்காயத்தை நீளவாக்கில் பிளந்தால் எப்படியோ அப்படி. உள்ளே 50 முதல் 100 செல், தலையில் ஒரு துளை. பக்கவாட்டில் வெட்டுப்பட்ட மொட்டில் அந்தத் துளை தெரியாது, அதனால் துளை இல்லை என்று ஒதுக்கிவிடக் கூடாது.

மாமாவுக்குத் திரும்புகிறேன். படத்தில் புள்ளி குறைவது மட்டும் போதாது, சுவை தெரிகிறதா என்று கேட்க வேண்டும். சீனித் தண்ணீர், உப்புத் தண்ணீர், எலுமிச்சைத் தண்ணீர், வெறும் தண்ணீர். ஒவ்வொன்றையும் பஞ்சுக் குச்சியால் நாக்கு ஓரத்தில், நுனியிலிருந்து இரண்டு விரல் தள்ளித் தொட்டேன். நாக்கை உள்ளே இழுக்காமல், முன்னால் வைத்த நான்கு அட்டையில் ஒன்றைக் கைகாட்ட வேண்டும். வாயை மூடினால் மறுபக்கமும் தொண்டையும் உதவிக்கு வந்துவிடும், சோதனை கெட்டது. எந்தக் குச்சி எது என்பது அத்தைக்கு மட்டும் தெரியும். இடையில் வாய் கொப்பளித்தார்.

ஒரு பக்கத்துக்கு 12 தடவை. வலது 11 சரி. இடது 4. நான்கு அட்டையில் குருட்டாம்போக்காகக் கைகாட்டினாலே சராசரி 3 சரியாகும், ஆகவே 4 என்பது ஒன்றும் தெரியாததற்குச் சமம்.

அடுத்துத்தான் எனக்குப் பிடித்த பகுதி. நூல் நுனியால் இடது ஓரத்தைத் தொட்டேன், "தொடுற, தெரியுது" என்றார். சிலி பாடியைக் கீறி அதில் புரட்டிய குச்சியை இரு பக்கமும் வைத்தேன். இடது பக்கத்திலும் மாமா துள்ளினார், கண்ணில் நீர். அத்தை என்னைத் திட்டியதை எழுதவில்லை.

காரம் சுவை அல்ல, எரிச்சல். சூட்டையும் வலியையும் உணரும் நரம்பு முனைகளை மிளகாயில் உள்ள காப்சைசின் தூண்டுகிறது. நாக்கின் முன்பகுதியில் தொடு உணர்வும் காரமும் லிங்குவல் நரம்பின் வழியே முக்கிளை நரம்புக்குப் போகும், காதுப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை. கோர்டா டிம்பனியோ முக நரம்பின் கிளை. நாக்கிலிருந்து கிளம்பும்போது இரண்டும் ஒரே கட்டாக ஓடி, காதுக்குக் கீழே பிரிகின்றன. ஒரே காளான் புள்ளியில் இரண்டு இழையும் இருக்கும், மொட்டுக்குள் ஒன்று, அதைச் சுற்றி மற்றது.

இதனால்தான் மாமாவின் முடிவு இடத்தைச் சொல்கிறது. ஞானப்பல் பிடுங்கும்போது லிங்குவல் நரம்பு கெட்டிருந்தால், அங்கே இரண்டு இழையும் சேர்ந்தே ஓடுவதால், சுவையோடு தொடு உணர்வும் மரத்திருக்கும். மாமாவுக்குச் சுவை மட்டும் போய், உறைப்பும் தொடுவதும் தெரிகிறது. அப்படியானால் பழுது இரண்டும் பிரிந்த பிறகு, காதுப் பக்கம்.

8 வருடம் இதைச் சமாளித்தது எப்படி? வலது பக்கம் வேலை செய்கிறது, பின் மூன்றில் ஒரு பங்குக்கு நாத்தொண்டை நரம்பு தனியே இருக்கிறது. அங்கே தலைகீழ் V வடிவில் நிற்கும், அகழி சூழ்ந்த பெரிய பாப்பிலாக்களுக்குச் சுவையும் தொடு உணர்வும் இரண்டுமே அந்த ஒரே நரம்புதான். அதையும் சோதிக்கலாம் என்று பாகற்காய்ச் சாறு தொட்ட குச்சியை உள்ளே கொண்டுபோனேன். குமட்டல் வந்துவிட்டது, அதற்குத் தகவல் அனுப்புவதும் அதே நரம்பு. அன்றைய வேலை அதோடு முடிந்தது.

நேற்று மாமா வந்து, கோப்பிக் கோப்பையை வலது பக்கமாகச் சாய்த்துக் குடித்துக் காட்டினார். வாய் மூடியதும் எல்லாம் கலந்துவிடுமே மாமா என்றேன். கேட்கவில்லை.