தண்ணீர் கடினத்தன்மை ரெக்கார்டில் ‘கரைசல்’ என்று மட்டும் எழுதினால் என்ன ஆகும்?

தருமபுரியில் பி.எஸ்சி. வேதியியல் தமிழ் வழியில் படித்தேன். இப்போது ஜூனியர்கள் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து வாங்கப் போவதற்கு முன் என்னிடம் ஒருமுறை காட்டுகிறார்கள். எந்தச் சோதனையாக இருந்தாலும் நான் சிவப்புப் பேனாவால் வட்டம் போடுவது ஏறக்குறைய அதே சொற்களைத்தான்: சாமான், பொருள், அது, கரைசல், கொஞ்சம், மாற்றம். இவற்றில் ‘சாமான்’ தப்பு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ‘கரைசல்’தான் ஏமாற்றும், கேட்கும்போது அறிவியல் சொல் மாதிரியே இருக்கிறதல்லவா!

ஈ.டி.டி.ஏ. தரம் பார்த்தல் மூலம் தண்ணீரின் கடினத்தன்மையைக் கண்டுபிடிக்கும் சோதனையை எடுத்துக்கொள்வோம். எங்கள் பக்கம் பலர் வீட்டு போர்வெல் தண்ணீரையே பாட்டிலில் பிடித்துக்கொண்டு வந்து செய்வார்கள். அண்மையில் என்னிடம் வந்த ஒரு நோட்டில் செய்முறை இப்படி இருந்தது:

“முதலில் சாமான்களை நன்றாகக் கழுவினேன். தண்ணீரை எடுத்து, அதில் கொஞ்சம் கரைசல் சேர்த்து, நிறம் தரும் பொருளைப் போட்டேன். பிறகு பியூரெட்டில் இருந்த கரைசலை விட்டேன். நிறம் மாறியதும் அளவைக் குறித்தேன்.”

முதல் வாக்கியத்திலேயே நின்றுவிட்டேன். இந்தச் சோதனையில் எல்லாக் கண்ணாடிச் சாமானையும் ஒரே மாதிரி கழுவக் கூடாது. பியூரெட்டைக் கடைசியாக ஈ.டி.டி.ஏ. கரைசலால் அலச வேண்டும். பிப்பெட்டை, எடுக்கப் போகும் தண்ணீர் மாதிரியாலேயே அலச வேண்டும். கூம்புக் குடுவையை வாலை வடிநீரால் மட்டும்தான் அலச வேண்டும். பியூரெட்டில் வடிநீர் தங்கியிருந்தால் ஈ.டி.டி.ஏ. நீர்த்துப் போய், கூடுதல் கன அளவு செலவாகும். விடை உண்மையைவிட அதிகமாக வரும். குடுவையை மாதிரித் தண்ணீரால் அலசினாலும் அப்படித்தான், பிப்பெட்டில் அளந்ததற்கு மேல் சில துளிகள் உள்ளே தங்கிவிடும். பிப்பெட்டில் வடிநீர் தங்கினால் மட்டும் விடை குறையும். எக்ஸ்டெர்னல் வைவாவில் தேர்வாளர்கள் கேட்க விரும்பும் கேள்வி இதுதான். ‘சாமான்களைக் கழுவினேன்’ என்று எழுதியவருக்கு இந்த மூன்றும் தெரியுமா தெரியாதா என்று நோட்டைப் பார்த்துச் சொல்லவே முடியாது.

அந்த நோட்டை எழுதிய தங்கையிடம், “எதை எதால் அலசினே?” என்று கேட்டேன். “எல்லாத்தையும் வடிநீர்லதாண்ணா” என்றாள். பெயர் போட்டு எழுத உட்கார்ந்திருந்தால், ‘பியூரெட்டை’ என்று தொடங்கியதுமே அடுத்து என்ன எழுதுவது என்று அவளே யோசித்திருப்பாள். பொதுச் சொல்லுக்குப் பதில் குறிப்பான பெயரைப் போடுவதை மொழித் திருத்தமாக நான் பார்க்காததற்குக் காரணம் இதுதான். பெயர் வராத இடத்தில் பெரும்பாலும் செய்முறையே தெளிவில்லாமல் இருக்கும்.

அடுத்து ‘கரைசல்’. இந்தச் சோதனையில் மேசைமேல் எத்தனை கரைசல் இருக்கிறது பாருங்கள். பியூரெட்டில் ஈ.டி.டி.ஏ., பக்கத்தில் அம்மோனியா–அம்மோனியம் குளோரைடு தாங்கல் கரைசல், எரியோகுரோம் பிளாக் டி நிறங்காட்டி, குடுவையில் எல்லாம் கலந்த கலவை. ‘கொஞ்சம் கரைசல் சேர்த்து’ என்றால் எது? அவள் சொன்னது தாங்கல் கரைசலை. அது குடுவையின் பி.எச். மதிப்பை 10-ஐ ஒட்டி வைத்திருக்கிறது. ஈ.டி.டி.ஏ. உலோக அயனியைப் பிடிக்கப் பிடிக்க ஹைட்ரஜன் அயனிகள் வெளியேறும், தாங்கல் இல்லாவிட்டால் பி.எச். இறங்கி முடிவுநிலை மங்கிவிடும். இத்தனை வேலை பார்ப்பதைப் பெயர் சொல்லாமல் ‘கொஞ்சம் கரைசல்’ என்று விட்டால், அது ஏன் சேர்க்கப்பட்டது என்ற கேள்வியே எழாது.

‘தண்ணீரை எடுத்து’ என்பதில் எவ்வளவு என்று இல்லை. அவளுக்குச் செலவான 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. 9.8 மி.லி. அந்தச் செறிவில் 1 மி.லி. ஈ.டி.டி.ஏ., 1 மி.கி. கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம். அப்படியானால் குடுவையில் இருந்தது 9.8 மி.கி. பிப்பெட் 20 மி.லி. என்றால் லிட்டருக்கு 490 மி.கி.; 50 மி.லி. என்றால் 196 மி.கி.தான். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500 குடிநீருக்கு ஏற்கத்தக்க வரம்பாக 200-ஐயும், வேறு நீராதாரம் இல்லாதபோது அனுமதிக்கும் வரம்பாக 600-ஐயும் வைத்திருக்கிறது. ஒரே ரீடிங், 50 மி.லி. என்றால் தண்ணீர் ஏற்கத்தக்க வரம்புக்குள் இருக்கிறது, 20 மி.லி. என்றால் அதைத் தாண்டிவிடுகிறது. அவள் எடுத்தது 20 மி.லி.

‘நிறம் மாறியதும்’ என்பதும் போதாது. ஒயின் சிவப்பிலிருந்து நேராக நீலத்துக்குப் போகாது, நடுவில் ஊதா வரும். ஊதாவிலேயே பியூரெட்டை மூடிவிட்டால் விடை குறைந்துவிடும். சிவப்புச் சாயலே இல்லாத நீலம் வரும்வரை, கடைசியில் துளித் துளியாக விட வேண்டும். எந்த நிறத்தில் நிறுத்தினீர்கள் என்பதை எழுதுங்கள்.

திருத்திய பிறகு அந்தப் பகுதி இப்படி ஆனது:

“பியூரெட்டை 0.01 மோலார் ஈ.டி.டி.ஏ. கரைசலாலும், பிப்பெட்டை போர்வெல் நீராலும், கூம்புக் குடுவையை வாலை வடிநீராலும் அலசினேன். பிப்பெட்டால் 20 மி.லி. போர்வெல் நீரைக் குடுவையில் எடுத்து, 5 மி.லி. அம்மோனியா தாங்கல் கரைசலும் 3 துளி எரியோகுரோம் பிளாக் டி-யும் சேர்த்தேன். ஒயின் சிவப்பு நிறம் முழுமையாக நீலமாகும்வரை ஈ.டி.டி.ஏ.யை விட்டேன். பியூரெட்டின் தொடக்க அளவு 0.0 மி.லி., இறுதி அளவு 9.8 மி.லி.”

நீளம் கொஞ்சம்தான் கூடியது. இதைப் படிக்கும் யாரும் அதே சோதனையைத் திரும்பச் செய்துவிடலாம்.

இதற்காக எல்லாவற்றுக்கும் அடைமொழி போட வேண்டாம். பியூரெட் எந்தக் கம்பெனி, ஸ்டாண்டு என்ன நிறம் என்று சிலர் எழுதுகிறார்கள். விடையைப் பாதிக்காத எதுவும் தேவையில்லை. ஒரே நீளப் பெயரைத் திரும்பத் திரும்ப எழுதவும் வேண்டாம். பென்னாகரம் போர்வெல் தண்ணீரையும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய்த் தண்ணீரையும் ஒப்பிடுகிறீர்கள் என்றால், ஆரம்பத்தில் ‘மாதிரி அ’, ‘மாதிரி ஆ’ என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பாட்டிலிலும் அட்டவணையிலும் அதையே போடுங்கள். ‘முதல் தண்ணீர்’, ‘அந்தத் தண்ணீர்’ என்று மாற்றி மாற்றி எழுதினால் அட்டவணையில் எது எது என்று உங்களுக்கே குழம்பும்.

முடிவுப் பகுதியில் அவள் எழுதியிருந்தது: “இந்தத் தண்ணீரில் தேவையில்லாத பொருட்கள் அதிகம் உள்ளன.” நம் தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இப்படி எழுதினால் படிப்பவர் உடனே புளோரைடு என்றுதான் நினைப்பார். நிலத்தடி நீரில் புளோரைடு, பல்லில் கறை என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த ஊர் இது. ஆனால் ஈ.டி.டி.ஏ. சோதனை புளோரைடைப் பற்றி எதுவும் சொல்லாது. அதற்குப் புளோரைடு அயனி மின்முனை போன்ற வேறு முறை வேண்டும். கடினமான தண்ணீர் என்றால் புளோரைடும் அதிகம் என்று கொள்ளவும் முடியாது. கால்சியம் கூடுதலாக இருக்கும் நீரில் புளோரைடு கால்சியம் புளோரைடாகப் படிந்து குறைவதும் உண்டு. அளந்தது எதுவோ அதன் பெயரைத்தான் அந்த வரியில் எழுத முடியும்: “கால்சியம், மெக்னீசியம் அயனிகளால் ஏற்படும் மொத்தக் கடினத்தன்மை, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டால், லிட்டருக்கு 490 மி.கி.”