பொட்டாசியம் 1.9: மூத்த மருத்துவருக்கு எழுதிய ஒரு மின்னஞ்சல்

நோயாளிக்கு 38 வயது. வயல் வேலைக்குப் போகிறவர். காலையில் பாயிலிருந்து எழ முடியவில்லை என்று கணவரும் மைத்துனரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தொடுவுணர்ச்சியில் குறையில்லை, நினைவு தெளிவாக இருந்தது. ஆனால் கால்களைக் கட்டிலிலிருந்து ஓரங்குலம்கூடத் தூக்க முடியவில்லை. இரத்தத்தில் பொட்டாசியம் 1.9. குறைந்தது 3.5 இருக்க வேண்டும். இசிஜியில் டி அலை தட்டையாகி, அதன் பின்னால் யூ அலை எழுந்திருந்தது.

இதுவரை புதிர் ஒன்றும் இல்லை. பொட்டாசியம் இறங்கிக் கைகால் விழுந்து வருகிறவர்களை எங்கள் வார்டில் அவ்வப்போது பார்க்கிறோம். உப்பை ஏற்றினால் எழுந்து நடந்து போய்விடுவார்கள். இவரும் முன்பு இரண்டு முறை வேறு இடங்களில் அப்படித்தான் எழுந்து போயிருக்கிறார். ‘சத்துக் குறைவு’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். தைராய்டு சரியாகவே இருந்தது. வயிற்றுப்போக்கு இல்லை, வாந்தி இல்லை, எந்த மாத்திரையும் எடுப்பதில்லை.

என்னை நிறுத்தியது தமனி இரத்தப் பரிசோதனை. பிஎச் 7.24, பைகார்பனேட் 13. இரத்தம் அமிலமாகியிருந்தது. பொட்டாசியம் செல்களுக்குள் ஒளிந்துகொள்வதால் வரும் வாதத்தில் இரத்தம் அமிலமாகாது. வாந்தியால் பொட்டாசியம் போயிருந்தால் காரமாகியிருக்கும். பொட்டாசியமும் குறைந்து அமிலமும் ஏறினால், இழப்பு குடல் வழியாகவோ சிறுநீரகம் வழியாகவோதான் இருக்க வேண்டும். சிறுநீரகம் என்றுதான் தோன்றியது. ஆனால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறனைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, இயல்புதான். ஏன் என்று தெரியவில்லை. எங்கள் மருத்துவமனையில் சிறுநீரக நிபுணரும் இல்லை. மேற்படிப்பின்போது எனக்குப் பாடம் எடுத்த ஒரு சிறுநீரகவியல் மேடத்துக்கு எழுதலாம் என்று முடிவு செய்தேன். முதலில் நோயாளியிடம் சொல்லி ஒப்புதல் வாங்கினேன். ‘யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மறுபடி விழாமல் இருந்தால் போதும்’ என்றார்.

மேடம் இதை வெளிநோயாளிகளுக்கு நடுவே கைபேசியில்தான் படிப்பார். அதனால் நோய் வரலாற்றில் தொடங்காமல், தலைப்பிலேயே கேள்வியை வைத்தேன். பெயரும் உள்நோயாளி எண்ணும் கடிதத்தில் இல்லை. இசிஜியைப் படமெடுத்தபோதும் மேல் ஓரத்தை மடித்துக்கொண்டேன். ஆங்கிலத்தில் எழுதிய அந்தக் கடிதத்தைத் தமிழில் தருகிறேன்:

‘வணக்கம் மேடம். 38 வயதுப் பெண், மூன்றாவது முறையாகப் பொட்டாசியக் குறைவால் வாதம். கூடவே அமிலத்தன்மை, கிரியாட்டினின் இயல்பு. தொலைநிலைச் சிறுநீரக நுண்குழல் அமிலத்தேக்கம் என்று நினைக்கிறேன். என் கேள்விகள் இரண்டு: இந்த முடிவு நிற்குமா? நின்றால், அடிப்படைக் காரணத்தை எங்கே தேடட்டும்?

சிகிச்சைக்கு முன் எடுத்த அளவுகள்: சோடியம் 138, பொட்டாசியம் 1.9, குளோரைடு 114, பைகார்பனேட் 13. அயனி இடைவெளி 11, அதாவது இயல்பு. சிறுநீர் பிஎச் 6.5 முதல் 7 வரை. ஒரே மூச்சில் 22 வரை எண்ணுகிறார், கழுத்தைத் தூக்க முடிகிறது. சலைனில் கலந்த பொட்டாசியம் குளோரைடு மணிக்கு 10 மில்லி ஈக்விவலன்ட் வீதம் போகிறது, மானிட்டரில் வைத்திருக்கிறேன். ஒடுவன்தழை தின்றாரா என்று தனியாக விசாரித்தேன். இல்லை என்கிறார். முன்பும் இரண்டு முறை வந்திருப்பதால் நம்புகிறேன்.’

தொலைநிலை அமிலத்தேக்கம் என்றால், சிறுநீரக நுண்குழலின் கடைப்பகுதி அமிலத்தைச் சிறுநீரில் தள்ளத் தவறுவது. ஒடுவன்தழை வரியை எழுதாமல் விடக் கூடாது. தற்கொலைக்காக அந்த இலையை அரைத்துக் குடிப்பவர்களுக்கும் சிறுநீரகம் அமிலத்தை வெளியேற்ற முடியாமல் போய், பொட்டாசியமும் இப்படியே இறங்கும். அவர்களின் இதயத்துடிப்பு எந்த நேரமும் தடம் மாறலாம். குடும்பத்தார் சூழ்ந்து நிற்கும்போது அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் வராது.

மேடத்தின் பதில் அன்று மதியமே வந்தது. முன்னுரை ஏதும் இல்லை. ‘மூச்சை எண்ணிப் பார்த்து எழுதியது நல்லது, இல்லாவிட்டால் உடனே இங்கே அனுப்பு என்றிருப்பேன்’ என்று ஒரு வரி. அதன் கீழே மூன்று கேள்விகள்.

முதலாவது, சிறுநீர் எப்போது பிடித்தது? கிண்ணம் மணிக்கணக்கில் மேசையில் இருந்தால் கார்பன் டை ஆக்சைடு பறந்து பிஎச் தானாகவே ஏறிவிடும். கிருமித் தொற்று இருந்தாலும் ஏறும். புதிதாகப் பிடித்த சிறுநீரில் நானே பட்டையை நனைத்துப் பார்த்தேன். அமிலமாக இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் நிற்க வேண்டிய கட்டம் பச்சையாக மாறியது. நுண்ணோக்கியில் சீழ் செல்கள் இல்லை.

இரண்டாவது, சிறுநீரில் சோடியம், பொட்டாசியம், குளோரைடு எவ்வளவு? நாட்பட்ட வயிற்றுப்போக்கிலும் சிறுநீர் பிஎச் உயர்ந்து ஏமாற்றும் என்பதால் இதைக் கேட்டார். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கூட்டி அதிலிருந்து குளோரைடைக் கழிக்க வேண்டும். விடை குறை எண்ணாக வந்தால் சிறுநீரகம் அம்மோனியத்தோடு அமிலத்தை ஒழுங்காக வெளியேற்றுகிறது, குற்றம் குடலில். மிகை எண்ணாக வந்தால் சிறுநீரகம்தான் தன் வேலையைச் செய்யவில்லை. 60, 38, 72 என்று வந்தது. 98-இல் 72 போக, மிகை 26. இரத்தத்தில் பொட்டாசியம் 1.9 ஆக இருக்கும்போது சிறுநீரில் 38 போவதே போதிய சாட்சி.

மூன்றாவது கேள்விக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. ‘தண்ணீர் இல்லாமல் அவரால் வறண்ட சோற்றை விழுங்க முடிகிறதா? பல்லைப் பார்த்தாயா?’

போய்க் கேட்டேன். சிரித்தார். ‘சோற்றில் ரசமோ மோரோ ஊற்றாவிட்டால் இறங்காது சார். பொரி தின்று வருஷக்கணக்காகிறது’ என்றார். வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தேன். கீழ் வரிசையில் நான்கைந்து பற்கள் ஈறு விளிம்பில் கறுத்து அரித்திருந்தன. நாக்கு காய்ந்து பிளந்திருந்தது. கண் உறுத்தலை நெல் தூசி என்று நினைத்திருந்தார். கண் பிரிவில் ஷிர்மர் பரிசோதனை செய்தார்கள். கீழ் இமையில் மடித்து வைத்த வடிதாள் ஐந்து நிமிடத்தில் இரண்டு மில்லிமீட்டர்தான் நனைந்தது. ஐந்துக்கு மேல் போகாவிட்டாலே வறட்சி என்று எடுத்துக்கொள்வார்கள். வெளியே அனுப்பிய ரத்தத்தில் ஆன்டி-ரோ எதிர்ப்பொருள் வலுவாக இருந்தது. ஷோக்ரன் நோய்க்குறி. உமிழ்நீர், கண்ணீர்ச் சுரப்பிகளைத் தாக்கும் தன்னெதிர்ப்பு நோய், சிலருக்குச் சிறுநீரக நுண்குழலையும் விட்டுவைப்பதில்லை. ஸ்கேனில் இரு சிறுநீரகங்களிலும் சுண்ணாம்புத் துகள்கள் தெரிந்தன. அமிலத்தேக்கம் இன்று நேற்று வந்ததல்ல.

பதிலின் கடைசியில் ஓர் எச்சரிக்கையும் இருந்தது: அமிலத்தைப் பார்த்துப் பதறி முதலில் பைகார்பனேட் ஏற்றாதே. ஏற்றினால் மிச்சமிருக்கும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய், மூச்சுத் தசைகள் நின்றுவிடும். பொட்டாசியம் மூன்றைத் தாண்டட்டும், பிறகு பார்க்கலாம். குளுக்கோஸ் பாட்டிலில் பொட்டாசியத்தைக் கலப்பதும் அதே காரணத்தால் கூடாது. இரவுப் பணிக்கு வருபவர் பார்க்கும்படி இரண்டையும் கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதினேன். யாரிடம், எந்த நேரத்தில் கருத்துக் கேட்டேன் என்பதையும் சேர்த்தேன். கருத்து அவருடையதானாலும் கையெழுத்து என்னுடையது. நோயாளியை அவர் நேரில் பார்க்கவில்லை என்பதை அவரே பதிலில் குறிப்பிட்டிருந்தார்.

கால்கள் மறுநாள் அசைந்தன. பொட்டாசியம் சிட்ரேட் சிரப்போடு வீட்டுக்குப் போனார், சுவை சகிக்கவில்லை என்று இப்போதும் புகார் சொல்கிறார். ஸ்டீராய்டு தொடங்கலாமா என்று மேடத்துக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பினேன். ‘அதை மூட்டு மற்றும் தன்னெதிர்ப்பு நோய் நிபுணரிடம் கேள், என்னிடம் கேட்காதே’ என்று பதில் வந்தது. மருத்துவக் கல்லூரிக்குப் பரிந்துரைக் கடிதம் கொடுத்திருக்கிறேன். அறுவடை முடிந்ததும் போவதாகச் சொல்லியிருக்கிறார்.